தேய்ந்து மறைந்தால் மட்டும் போதாது

ஒலியைக் கையாளும் டிஜிட்டல் கருவிக்கு ஒரே ஒரு தட்டு கொடுக்கிறோம்: ஒரு கணத்தில் 1, மற்ற எல்லாக் கணங்களிலும் 0. அதற்குக் கருவி தரும் எண்வரிசைதான் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். h[n] என்று எழுதுவார்கள். கருவி நேரியல்பு கொண்டதாகவும் காலத்தால் மாறாததாகவும் இருந்தால், எந்த உள்ளீட்டுக்கு என்ன வெளிவரும் என்பது முழுக்க இந்த வரிசையிலேயே இருக்கிறது. வரம்புக்குள் நிற்கும் உள்ளீட்டைக் கொடுத்தால் வெளியீடும் வரம்புக்குள் நிற்குமா என்பதையும் இதை வைத்தே சொல்லிவிடலாம். வரிசையின் எண்களில் குறையை நீக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை ஓர் எண்ணில் அடங்கினால் கருவி நிலைப்புள்ளது, அடங்காவிட்டால் இல்லை.

குறையை ஏன் நீக்க வேண்டும்? எதிரொலிக் கருவி ஒன்றின் வரிசை 1, -0.9, 0.81, -0.729 என்று போகட்டும். அப்படியே கூட்டினால் 0.53 அளவில் நின்றுவிடும். கூட்டலும் குறையும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ஆனால் உள்ளீடு நமக்குச் சாதகமாகவே வரும் என்று யார் சொன்னது? அதுவும் 1, -1, 1, -1 என்று மாறி மாறி வந்தால் குறையும் குறையும் பெருகிக் கூட்டலாகும். அப்போது வெளியீட்டின் அளவு 1 + 0.9 + 0.81 + … என்ற பெருக்குத் தொடராகி 10-ஐ நெருங்கும். குறையை நீக்கிக் கூட்டுவது இந்த மோசமான உள்ளீட்டுக்கான கணக்கு. 1-க்கு மேல் போகாத எந்த உள்ளீடும் இந்தக் கருவியில் 10-ஐத் தாண்டாது.

இது ஒருபக்க வரிசை. தட்டுக்கு முன்னால் எதுவும் இல்லை. நேரத்தோடு ஓடும் கருவிகளெல்லாம் இப்படித்தான். ஏற்கெனவே பதிவான ஒலியைக் கணினியில் திருத்தும்போது அடுத்து வரும் எண்களும் கையில் இருப்பதால், வரிசை இரண்டு பக்கமும் நீளலாம். அப்போது வலப்பக்கத்தைத் தனியாகவும் இடப்பக்கத்தைத் தனியாகவும் கூட்டிப் பார்க்க வேண்டும். இரண்டும் அடங்க வேண்டும். மாணவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. 0.9ⁿ என்றதும் தேய்கிறது என்று எழுதிவிடுவார்கள். n எதிர்ப்பக்கம் போனால் அதே 0.9ⁿ 1.11, 1.23 என்று வளர்ந்துகொண்டே போகும். மாறாக, n < 0 பக்கத்தில் 2ⁿ இருந்தால் எண்கள் 1/2, 1/4, 1/8 என வரும், கூட்டினால் 1. வலப்பக்கத்தின் 10-ஐயும் சேர்த்தால் 11, கருவி நிலைப்புள்ளது.

இப்போது உண்மையான சிக்கலுக்கு வருவோம். மேல் பாதி அதிர்வெண்களை அப்படியே வெட்டி எறியும் இலட்சிய ஃபில்டரின் வரிசை, நடுவில் 1/2. அதிலிருந்து இருபுறமும் 1/π, 0, -1/(3π), 0, 1/(5π) என்று தேய்ந்துகொண்டே போகும். அப்படியே கூட்டினால் சரியாக 1. பார்த்தால் சாதுவான வரிசை! குறையை நீக்கினால் 1/2 + (2/π)(1 + 1/3 + 1/5 + …) ஆகிறது. அடைப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் 1/2, 1/4, 1/6 என்ற வரிசையில் தனக்கு நேராக உள்ளதைவிடப் பெரியது. அந்த வரிசையோ 1 + 1/2 + 1/3 + … என்பதன் பாதி. அது எல்லையின்றி வளரும் என்று 14-ஆம் நூற்றாண்டிலேயே நிக்கோல் ஒரெம் காட்டிவிட்டார். ஆகவே இந்த ஃபில்டர் நிலைப்பற்றது. தேய்ந்தாலும் போதிய வேகத்தில் தேயவில்லை.

கணினியில் ஓட்டிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அடைப்புக்குள் 1,000 எண்களைக் கூட்டினால் மொத்தம் சுமார் 3.3, 10 லட்சம் எண்களைக் கூட்டினாலும் 5.5-தான். திரையில் பார்ப்பவர் நின்றுவிட்டது என்றே நினைப்பார். இங்கே தாளும் பேனாவும்தான் உதவும்.

நடைமுறையில் வரிசையை வெட்டிவிடுகிறார்கள். நடுவிலிருந்து இருபுறமும் 50 எண்கள் வைத்தால் மொத்தம் 101. முடிவுள்ள வரிசை எப்போதும் நிலைப்புள்ளதே. விலையாக, வெட்டு கூர்மை இழக்கும், வெட்டின் ஓரத்தில் சிற்றலைகள் எழும். வரிசையை 50 இடம் தள்ளி ஒருபக்கமாக்கினாலும் கூட்டுத்தொகை மாறாது. நொடிக்கு 44,100 எண்கள் ஓடும் ஒலியில் அது 1.1 மில்லிநொடித் தாமதம், அவ்வளவே. அந்தக் கூட்டுத்தொகை சுமார் 2.15. அதாவது 1-க்குள் நிற்கும் ஒலி, மோசமான நேரத்தில் 2.15 வரை எழலாம். கருவி 1 வரைதான் தாங்கும் என்றால், உள்ளே விடும் ஒலியை முன்கூட்டியே பாதிக்கும் சற்றுக் கீழே குறைத்துவிட வேண்டும்.