சின்னக் காசுக்கு ஏன் கூடுதல் விலை?

நகைக்கடைப் பலகையில் ஒரு கிராம் தங்கத்தின் விலை எழுதியிருக்கும். ஆனால் ஒரு கிராம் காசு கேட்டால் அந்த விலைக்குத் தரமாட்டார்கள். செய்கூலி ஏறும், 3 சதவீத ஜி.எஸ்.டி. ஏறும். பத்து கிராம் காசு வாங்கினால் செய்கூலி, கிராம் கணக்கில், பெரும்பாலும் குறைவாகவே விழும். வரியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், உலோகத்தின் விலைக்கும் காசின் விலைக்கும் நடுவில் நிற்கும் இந்த இடைவெளியைத்தான் உலகச் சந்தையில் பிரீமியம் என்கிறார்கள். சாதாரண நாளில் அது யார் கண்ணிலும் படுவதில்லை. சந்தையில் பீதி கிளம்பும்போது உலோகத்தின் விலையும் காசின் விலையும் சேர்ந்து நகராமல் போகலாம். அப்போதுதான் அதன் உள்ளமைப்பு வெளியே தெரிகிறது.

முதலில், செய்தியில் வரும் ஸ்பாட் விலை எந்தப் பொருளின் விலை என்று பார்க்க வேண்டும். தங்கத்துக்கு அது லண்டன் பெட்டகங்களில் அடுக்கியிருக்கும் பெரிய கட்டிகளின் விலை. ஒரு கட்டி சுமார் 400 அவுன்ஸ், அதாவது பன்னிரண்டரை கிலோவை நெருங்கும் எடை. வெள்ளிக் கட்டி சுமார் 1,000 அவுன்ஸ். முப்பது கிலோவுக்கு மேல். இவற்றை வாங்கி விற்பவர்கள் வங்கிகளும் நிதி நிறுவனங்களும். பெரும்பாலான நேரம் கட்டி நகர்வதே இல்லை, கணக்குப் புத்தகத்தில் பெயர்தான் மாறுகிறது. உங்கள் கைக்கு வரும் காசு அந்தக் கட்டியிலிருந்து பல படிகள் தள்ளி நிற்கிறது.

கட்டியை உருக்கி, பட்டையாக வார்த்து, உருளைகளுக்கு நடுவே விட்டுத் தகடாக்கி, வட்ட வட்டமாக வெட்டுகிறார்கள். வெட்டியது போக மிஞ்சும் தகடு திரும்ப உலைக்குப் போகும். வட்டத் தகடுகளைச் சூடேற்றி மென்மையாக்கி, கழுவி, எடை பார்த்து, அச்சில் அழுத்துகிறார்கள். பிறகு சோதனை, உறை, காப்பீடு, போக்குவரத்து, வியாபாரியின் லாபம். இந்த வேலைகளில் பல, காசு பெரிதானாலும் சிறிதானாலும் ஒன்றுதான். உலோகத்தின் மதிப்பு குறையக் குறைய, கூலி அதில் பெரிய பங்காகத் தெரியும்.

இதை வெளிப்படையாகக் காட்டுவது அமெரிக்க நாணய ஆலையின் பழைய விலைப்பட்டியல். முதலீட்டுக்கான ‘ஈகிள்’ தங்கக் காசுகளை ஆலை பொதுமக்களுக்கு நேராக விற்பதில்லை. அங்கீகரித்த சில மொத்த வியாபாரிகளுக்குத்தான் தருகிறது. அவர்களிடம் தங்கத்தின் விலைக்கு மேல் ஒரு அவுன்ஸ் காசுக்கு 3 சதவீதமும், அரை அவுன்ஸுக்கு 5, கால் அவுன்ஸுக்கு 7, பத்தில் ஒரு அவுன்ஸுக்கு 9 சதவீதமும் வாங்கியது. தங்கம் அவுன்ஸ் 2,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுக் காசின் மேல் 60 டாலர். அதே எடைக்குப் பத்துச் சின்னக் காசுகள் வாங்கினால் 180 டாலர். மொத்த வியாபாரியும் சில்லறைக் கடைக்காரரும் சேர்ப்பது இதற்கு மேல்.

இனி பீதிக்கு வருவோம். 2020 பிப்ரவரியின் பெரும்பகுதியில் வெள்ளி அவுன்ஸ் 18 டாலர் அளவில் இருந்தது. மார்ச் நடுவில் கொரோனா அச்சத்தில் பங்குச் சந்தைகள் சரிந்தபோது, கடனுக்குப் பிணை கட்டப் பணம் தேவைப்பட்ட நிதி நிறுவனங்கள் கையில் இருந்ததையெல்லாம் விற்றன. அவை விற்றது ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தங்களையும் கணக்கில் இருந்த வெள்ளியையும். ஸ்பாட் விலை சுமார் 12 டாலருக்கு இறங்கியது. அதே வாரங்களில் சாதாரணச் சேமிப்பாளர்கள் வெள்ளிக் காசு வாங்கக் கடைகளை மொய்த்தார்கள். அமெரிக்க நாணய ஆலையின் ஒரு அவுன்ஸ் வெள்ளி ஈகிள் கையிருப்பு மார்ச்சிலேயே தீர்ந்தது. ஏப்ரலில் அவற்றை அச்சிடும் வெஸ்ட் பாயிண்ட் ஆலையும் நோய்ப் பயத்தால் சில நாட்கள் மூடப்பட்டது.

ஸ்பாட் 12 டாலர் ஆன பிறகும் ஒரு ஈகிள் காசுக்குக் கடைகள் 20 டாலருக்கு மேல் கேட்டன. பிரீமியம் வழக்கமான இரண்டு மூன்று டாலரிலிருந்து எட்டு ஒன்பதுக்குப் போய்விட்டது, மக்களைக் கொள்ளையடிக்கிறார்கள் என்று பலர் கோபப்பட்டார்கள். பிப்ரவரி விலையோடு ஒப்பிட்டால் வேறு படம் கிடைக்கிறது. அப்போது 18 டாலர் வெள்ளி, மேலே மூன்று. காசு 21 டாலர். மார்ச்சில் 12 டாலர் வெள்ளி, மேலே ஒன்பது, அதே 21. காசின் விலை அநேகமாக இருந்த இடத்திலேயே நின்றது. கீழே போனது பெரிய கட்டியின் விலைதான். 21 டாலர் கொடுத்து வாங்கிய காசைப் பெட்டியில் வைத்திருந்தவர், பிணை கட்டும் நெருக்கடி எதுவும் இல்லாதபோது, அதை 12 டாலருக்கு ஏன் விற்கப்போகிறார்? வியாபாரிக்கும் விற்ற சரக்கை எந்த விலைக்குத் திரும்ப நிரப்ப முடியும் என்று தெரியாது. இரண்டு மாதப் பீதியை நம்பி யாரும் புது அச்சு இயந்திரம் வாங்குவதும் இல்லை. வரத்து ஏறவில்லை, கேட்பு ஏறியது, இடைவெளி விரிந்தது.

அதே மார்ச்சில் தங்கத்துக்கு நடந்தது இன்னும் தெளிவான பாடம், ஏனென்றால் அங்கே சிக்கியது பெரிய வங்கிகள். நியூயார்க் ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தத்துக்கு 100 அவுன்ஸ் கட்டியோ ஒரு கிலோ கட்டிகளோதான் ஒப்படைக்க முடியும். லண்டனில் குவிந்திருந்ததோ 400 அவுன்ஸ் கட்டிகள். வழக்கமாக இவற்றை உருக்கிச் சிறிதாக்கித் தருபவை சுவிட்சர்லாந்தின் தெற்கில், இத்தாலி எல்லையை ஒட்டிய டிச்சினோ மாநிலத்தில் இருக்கும் வால்காம்பி, பாம்ப், ஆர்கோர்-ஹெரேயஸ் என்ற மூன்று சுத்திகரிப்பு ஆலைகள். மாநில அரசு தொழிற்சாலைகளை மூடச் சொன்னதும் மூன்றும் நின்றன, விமானங்களும் குறைந்தன. மார்ச் 24 அன்று நியூயார்க் விலை லண்டன் விலையைவிட ஒரு கட்டத்தில் சுமார் 70 டாலர் அதிகமாக ஓடியது. தங்கம் உலகில் தீர்ந்துவிடவில்லை. வேண்டிய ஊரில், வேண்டிய வடிவத்தில் அது இல்லை. 400 அவுன்ஸ் கட்டியை ஏற்கும் புது ஒப்பந்தம் ஒன்றை நியூயார்க் சந்தை அவசரமாக அறிவிக்க வேண்டிவந்தது.

ஆகவே பிரீமியம் ஏறியதும் ‘உலோகமே இல்லை’ என்று முடிவுகட்டக் கூடாது. பெரிய கட்டி ஸ்பாட் விலையை ஒட்டியே கிடைத்து, சின்னக் காசு மட்டும் எகிறினால், தட்டுப்பாடு அச்சாலையில். கட்டியே கிடைக்காமல் திண்டாடினால் அறிகுறி வேறு இடத்தில் தெரியும்: உலோகத்தைக் கடனாக வாங்கக் கொடுக்கும் வட்டி ஏறும். 2025 அக்டோபரில் லண்டனில் வெள்ளிக்கு அப்படித்தான் ஆனது. கடன் வட்டி தாறுமாறாக உயர்ந்தது. தீபாவளியை ஒட்டி இந்தியா வாங்கிக் குவித்த வெள்ளியும் அதற்கு ஒரு காரணம்.

விரிந்த பிரீமியம் அப்படியே நிற்பதில்லை. ஆலை ஓடத் தொடங்கி, கூட்டம் கலைந்தால் சுருங்கும். 2020 மார்ச்சில் 21 டாலருக்கு ஈகிள் வாங்கியவர் ஆகஸ்டில் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது வெள்ளி 28 டாலரைத் தொட்டிருந்தது. கடைக்காரர் ஸ்பாட்டுக்கு மேல் இரண்டு டாலர் போட்டு 30 டாலருக்கு எடுத்துக்கொண்டால் லாபம் ஒன்பது. ஆனால் வெள்ளி ஏறியது பதினாறு டாலர். மீதி ஏழையும் தின்றது சுருங்கிய பிரீமியம். விலை ஏறியதால் அவர் தப்பினார். ஏறாமல் 12 டாலரிலேயே நின்றிருந்தால் அந்த ஏழு டாலர் முழு நஷ்டம். அதனால் காசு வாங்கும்போது விற்கும் விலையோடு, ‘இதையே இன்று கொண்டுவந்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள்’ என்றும் கேட்பது நல்லது. அந்த இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான், பீதியோ அமைதியோ, நீங்கள் கடையில் உண்மையில் விட்டுவிட்டு வரும் பணம்.