வகுப்பில் அடிக்கும் பையன்... வீட்டில் என்ன பிரச்சினை? கவுன்சலர் எழுதும் குறிப்பில் ஒரு வார்த்தை தப்பினாலும் ஆபத்து!

மதுரை:-

பள்ளிக்கூடத்தில் சக பிள்ளைகளை அடிக்கிறான், டிபன் பாக்சை பிடுங்குகிறான், பட்டப்பெயர் சொல்லி அழ வைக்கிறான் என்று ஒரு பையன் மேல் அடிக்கடி புகார் வந்தால் என்ன நடக்கும்? முதலில் முட்டி போட வைப்பார்கள். அடுத்து, "நாளைக்கு அப்பாவை கூட்டிட்டு வா" என்பார்கள். அதற்கும் அடங்காவிட்டால் டி.சி. கொடுத்து அனுப்பி விடுவோம் என்பார்கள்.

இதில் முட்டி போட வைப்பது 2009-ம் ஆண்டு கல்வி உரிமை சட்டப்படி தவறு. 8-ம் வகுப்பு முடிக்கும் முன் பிள்ளையை பள்ளியை விட்டு வெளியேற்றுவதும் அதே சட்டப்படி கூடாது. "அப்பாவை கூட்டிட்டு வா" என்பதற்கு மட்டும் தடை ஏதும் இல்லை. ஆனால் சில பிள்ளைகள் விஷயத்தில் மூன்றிலும் ஆபத்தானது அதுதான்.

காரணம், வகுப்பில் கை ஓங்கும் பிள்ளைகளில் சிலர் வீட்டில் தினமும் அடிதடியை பார்ப்பவர்கள். அந்த அப்பாவையே பள்ளிக்கு கூப்பிட்டு, "உங்க பையன் ரவுடித்தனம் பண்றான்" என்று சொல்லி அனுப்பினால், அன்று ராத்திரி அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் பள்ளி ஆலோசகர், அதாவது கவுன்சலர் எழுதி வைக்கும் குறிப்பு முக்கியமாகிறது. அதை எப்படி எழுதுகிறார்கள்? எதை எழுத மாட்டார்கள்? ஏன்?

விளையாட்டு சண்டையா, அடாவடியா?

பிள்ளைகள் சண்டை போடுவது சகஜம். எல்லா சண்டையும் அடாவடி ஆகி விடாது. நார்வே நாட்டில் டான் ஒல்வேயஸ் என்ற உளவியல் பேராசிரியர் 1970-களில் இருந்தே இதை ஆராய்ந்தார். அவர் சொன்ன அடையாளம் மூன்று. வேண்டுமென்றே செய்வது, திரும்பத்திரும்ப செய்வது, எதிர்த்து நிற்க முடியாத ஆளாக பார்த்து செய்வது.

இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அதை அடாவடி என்று எடுத்துக்கொள்கிறார்கள். சமபலம் உள்ள இரண்டு பேர் கிரிக்கெட் மட்டைக்காக ஒரு நாள் கட்டிப் புரண்டால் அது வேறு கணக்கு.

திங்கட்கிழமை ரகசியம்

உதாரணத்துக்கு ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். 7-ம் வகுப்பு. வீடு செல்லூர் பக்கம். அப்பா மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் லோடுமேன். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். பையன் மேல் 5 வாரத்தில் 6 புகார். எல்லாமே தன்னை விட சின்ன உருவமாக இருக்கும் ஒரே பையனை அடித்ததாக வந்தவை.

கவுன்சலர் முதலில் இவனை கூப்பிட மாட்டார். அடிபட்ட பையனிடம்தான் முதலில் பேசுவார். அடுத்து வகுப்பு டீச்சரிடம் 6 புகாரும் எந்த தேதி, என்ன கிழமை, எத்தனை மணி என்று கேட்டு வரிசையாக எழுதுவார்.

எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. 6-ல் 4 சம்பவம் திங்கட்கிழமை. அதுவும் காலை இடைவேளைக்கு முன்னால். அதே திங்கட்கிழமைகளில் பையன் லேட்டாக வந்திருக்கிறான், முதல் பீரியடில் தூங்கி வழிந்திருக்கிறான் என்று டீச்சரும் சொல்கிறார். அப்படியென்றால் சனி, ஞாயிறில் ஏதோ நடக்கிறது.

அதன் பிறகுதான் பையனுடன் பேச்சு. "ஏன்டா அடிச்ச?" என்று கேட்டால் எந்த பிள்ளையும் தலையை குனிந்து கொள்ளும், இல்லையென்றால் "அவன்தான் முதல்ல" என்று ஆரம்பிக்கும். அதனால் கேள்வியை மாற்றுகிறார்கள். "அன்னைக்கு காலைல எந்திரிச்சதுல இருந்து என்ன நடந்துச்சு, வரிசையா சொல்லுப்பா" என்கிறார்கள்.

"உங்கப்பா குடிப்பாரா?" என்றும் கேட்கக்கூடாது. பதிலை வாயில் ஊட்டி விட்டது போல் ஆகிவிடும். அவனாகவே சொல்ல வேண்டும். நம்ம உதாரண பையன் இரண்டாவது சந்திப்பில் சொல்கிறான்: "சனிக்கிழமை சம்பளம் வந்தா அப்பா கத்துவாரு. அம்மாவை அடிப்பாரு. நானும் தங்கச்சியும் மொட்டை மாடிக்கு போயிருவோம்."

பார்த்தது, கேட்டது, நினைத்தது

இப்போது குறிப்பு எழுத வேண்டும். நல்ல குறிப்பில் மூன்று பகுதி தனித்தனியாக இருக்கும்.

முதல் பகுதி, கண்ணால் பார்த்தது. "மாணவன் ரவுடித்தனம் செய்கிறான்" என்று இருக்காது. "திங்கட்கிழமை காலை 10.20 மணிக்கு முன் பெஞ்சு மாணவனை முதுகில் இரண்டு முறை குத்தினான். டீச்சர் பார்த்தார்" என்று இருக்கும்.

இரண்டாவது பகுதி, பையன் சொன்னது. அவன் சொன்ன வார்த்தையே அப்படியே. "அப்பா குடிகாரர்" என்று எழுதினால் அது கவுன்சலர் கொடுக்கும் பட்டம். "அம்மாவை அடிப்பாரு என்று மாணவன் கூறினான்" என்று எழுதினால் அது நடந்த பேச்சின் பதிவு. பின்னாளில் அந்த குறிப்பை அதிகாரிகள் பார்க்க நேர்ந்தால் இந்த வித்தியாசம் மிகவும் பெரிது.

மூன்றாவது பகுதி, கவுன்சலரின் கணிப்பு. "வார இறுதியில் வீட்டில் நடப்பதற்கும் திங்கட்கிழமை சம்பவங்களுக்கும் தொடர்பு இருக்கலாம். உறுதி இல்லை. இன்னும் 4 வாரம் கவனிக்க வேண்டும்." இதில் "இருக்கலாம்" என்ற வார்த்தை சும்மா போட்டது அல்ல. வீட்டில் சண்டை இருக்கும் எல்லா பிள்ளையும் அடிப்பதில்லை. பலர் வாயே திறக்காமல் ஒடுங்கிப் போகிறார்கள். எந்த சண்டையும் இல்லாத வீட்டு பிள்ளைகளும் அடாவடி செய்வதுண்டு.

ஆனாலும் வீட்டை பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில், தமிழகத்தில் 18 முதல் 49 வயது வரை திருமணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவரின் அடி, உதை அல்லது பாலியல் கொடுமையை அனுபவித்ததாக சொல்லி இருக்கிறார்கள். அந்த வீடுகளிலும் பள்ளிக்கு போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஒரு பையன், ரெண்டு பேப்பர்

எழுதிய குறிப்பு யார் கைக்கு போகிறது என்பதில்தான் பெரும்பாலும் கோளாறு நடக்கிறது. ஸ்டாப் ரூம் மேஜையில் கிடக்கும் பேப்பர் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க பரவி விடும். "அவன் வீட்டுல அப்படித்தானாம்" என்று பிள்ளைகளே பேச ஆரம்பித்தால், அந்த பையனின் கை இன்னும் வேகமாக நீளும்.

அதனால் விவரம் தெரிந்த கவுன்சலர்கள் இரண்டாக பிரித்து வைக்கிறார்கள். வீட்டு விஷயம் எல்லாம் உள்ள முழு குறிப்பு பூட்டிய பீரோவுக்குள். அதில் பையன் பெயருக்கு பதில் எண் மட்டும்.

டீச்சருக்கு போவது அரை பக்கம். அதில் காரணம் இருக்காது, செய்ய வேண்டியது மட்டும் இருக்கும். "திங்கட்கிழமை காலை வந்ததும் 10 நிமிடம் கவுன்சலர் அறைக்கு அனுப்பவும். சாப்பிட்டானா என்று தனியாக கேட்கவும். வகுப்பு முன் நிறுத்தி திட்ட வேண்டாம். இருவரின் இடத்தையும் மாற்றி உட்கார வைக்கவும்." இவ்வளவுதான். அப்பாவை பற்றி டீச்சருக்கு தெரியாமலே இந்த நாலையும் செய்ய முடியும்.

வீட்டில் யாரிடம் பேசுவது?

பையனிடமே கேட்கிறார்கள். "உன்னை பத்தி வீட்டுல யார்கிட்ட பேசினா உனக்கு பயம் இல்லை?" நம்ம பையன் அம்மாவை சொல்கிறான். சில பிள்ளைகள் அம்மாச்சியை சொல்லும், சில பிள்ளைகள் மாமாவை சொல்லும்.

அம்மாவை கூப்பிடும்போதும் புகார் என்று சொல்லி கூப்பிடுவதில்லை. "படிப்பு விஷயமா பேசணும்க்கா, வேலை முடிஞ்சு மதியம் வாங்க" என்கிறார்கள். வந்தவரிடம் புருஷனை பற்றி நேரடியாக கேட்காமல், "பையன் திங்கட்கிழமை ரொம்ப சோர்ந்து வர்றான். சனி, ஞாயிறு சரியா தூங்குறானா?" என்று ஆரம்பிக்கிறார்கள். அவர் மனம் விட்டு பேசினால் பெண்களுக்கான 181 உதவி எண்ணை சொல்லி வைக்கலாம். பேசாவிட்டால் கட்டாயப்படுத்துவதில்லை.

அடிபட்டவனை மறக்கலாமா?

"பாவம், அவன் வீட்டுல கஷ்டம்" என்று எல்லோரும் அடித்த பையன் பக்கம் சாய்ந்து விடுவதும் நடக்கிறது. அடிபட்ட பிள்ளைக்கு இது இரண்டாவது அடி. வீட்டில் பிரச்சினை என்பது அவன் ஏன் அடிக்கிறான் என்பதற்கு விளக்கம் மட்டுமே. அடித்ததை அது சரியாக்கி விடாது.

அதனால் குறிப்பில் அடிபட்டவனுக்கும் இடம் உண்டு. இடைவேளையில் யார் கண்காணிப்பது, மறுபடி அடித்தால் அவன் யாரிடம் சொல்வது என்று எழுதி இருக்கும். இருவரையும் எதிரெதிரே நிறுத்தி "கை குடுத்துக்கோங்கடா" என்று சொல்வதில்லை. பயந்து போன பிள்ளை டீச்சர் முன்னால் கை கொடுத்து விட்டு வெளியே போய் மறுபடி அடி வாங்கும். மன்னிப்பு பிறகு வரட்டும். அடி நிற்பதுதான் முதலில்.

ரகசியம் எப்போது செல்லாது?

"நீ சொன்னதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கவுன்சலர் சத்தியம் செய்யக்கூடாது. "உனக்கு ஆபத்துன்னா மட்டும் உதவி செய்யறவங்க கிட்ட சொல்லுவேன்" என்று முதல் நாளே சொல்லி விட வேண்டும்.

பையன் உடம்பில் பெல்ட் தழும்போ சூடு போட்ட காயமோ இருந்தால் பீரோவுக்குள் பூட்டி வைக்க முடியாது. 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கும், மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் தகவல் போக வேண்டும். பாலியல் தொல்லை என்று தெரிந்தால் 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி போலீசுக்கு தகவல் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் மறைத்தவர் மேலேயே வழக்கு பாயும்.

நாலு வாரம் கழித்து

பையன் திருந்தினானா என்பதை அவன் முகத்தை பார்த்து முடிவு செய்வதில்லை. மறுபடியும் தேதி, கிழமை, மணி என்று அதே கணக்கைத்தான் எடுக்கிறார்கள். 5 வாரத்தில் 6 என்று இருந்தது அடுத்த 4 வாரத்தில் 2 ஆகி இருந்தால் வழி சரி. குறையவே இல்லை என்றால் கணிப்பு தவறாக இருக்கலாம். படிக்க முடியாத கஷ்டமா, பெரிய பையன்கள் யாராவது இவனை மிரட்டுகிறார்களா என்று முதலில் இருந்து பார்க்க வேண்டும். அதற்காகத்தான் அந்த "இருக்கலாம்".

ஆனால் சம்பவம் குறைந்தாலும் வீட்டு சண்டை நின்றதாக அர்த்தம் இல்லை. ஒரு கவுன்சலரால் அந்த வீட்டின் சனிக்கிழமையை மாற்ற முடியாது. திங்கட்கிழமை காலையை மட்டும் கொஞ்சம் மாற்ற முடியும்.

கவுன்சலர் இல்லாத பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும், பெற்றோரும் பள்ளிக்கல்வித்துறையின் 14417 எண்ணில் பேசலாம். மனநல ஆலோசனைக்கு 14416, குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098.