திரையில் இருந்த விலையும் கைக்கு வந்த விலையும்

நிஃப்டி ஆப்ஷனில் அயர்ன் காண்டார் போடுபவர் ஒரே நேரத்தில் நான்கு ஒப்பந்தங்களைக் கையாள்கிறார். குறியீடு 25,000-இல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் 25,300 கால் ஆப்ஷனையும் 24,700 புட் ஆப்ஷனையும் விற்கிறார். பாதுகாப்புக்காக 25,500 காலையும் 24,500 புட்டையும் வாங்குகிறார். எக்ஸ்பைரி அன்று நிஃப்டி நடுவிலேயே நின்றால் நிகர பிரீமியம் முழுவதும் அவருக்கு. இந்த நான்கில் ஒவ்வொன்றையும் சந்தையில் 'லெக்' என்பார்கள்.

இதே உத்தியைக் கடந்த மூன்று வருடமும் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பழைய விலைகளை வைத்துப் பார்ப்பதுதான் பேக்டெஸ்ட். பங்குக்கு எழுதிய பேக்டெஸ்டை அப்படியே ஆப்ஷனுக்குத் திருப்பினால், அது காட்டும் லாபத்தில் பெரும்பகுதி சந்தையில் கிடைக்கவே முடியாத லாபமாக இருக்கும். நான்கு லெக் உள்ள உத்தியில் எந்த விலைக்கு ஃபில் ஆனது என்பதுதான் முதல் கேள்வி. உத்தி நல்லதா என்பது அதற்குப் பிறகுதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை. வாங்க நிற்பவர் தரும் விலை பிட், விற்க நிற்பவர் கேட்கும் விலை ஆஸ்க். 25,300 காலின் பிட் 40.00, ஆஸ்க் 40.60. 25,500 கால் 14.00, 14.40. 24,700 புட் 42.00, 42.80. 24,500 புட் 16.00, 16.50. பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் நடுவிலுள்ள விலையில் எல்லாம் முடிந்ததாக எடுத்துக்கொண்டால் நிகரமாக 52.25 புள்ளி கிடைக்கும். உடனே முடியவேண்டும் என்று ஆர்டர் போடுபவர் பிட்டில் விற்று ஆஸ்க்கில் வாங்குவார். அவருக்குக் கிடைப்பது 51.10. வித்தியாசம் 1.15 புள்ளிதான். வெளியே வரும்போதும் அதே அளவு போனால் 2.30. 75 கொண்ட ஒரு லாட்டுக்கு ரூ.172.50.

நடுவிலை பேக்டெஸ்ட், சராசரியாக ஒரு முறைக்கு 3 புள்ளி, அதாவது ரூ.225 லாபம் காட்டியது என்று கொள்வோம். மேலே சொன்னதைக் கழித்தால் மிச்சம் ரூ.52.50. உள்ளே வர நான்கு, வெளியே வர நான்கு என எட்டு ஆர்டர், ஆர்டருக்கு ரூ.20 தரகு என்றால் ரூ.160, அதற்கு ஜிஎஸ்டி ரூ.28.80. பங்குப் பரிவர்த்தனை வரிக்கு வரும் முன்பே ரூ.136.30 நஷ்டம். லாட் கூடினால் தரகின் பங்கு சுருங்கும். பிட்-ஆஸ்க் இடைவெளியின் பங்கு சுருங்காது. பெரிய ஆர்டரில் அது இன்னும் விரியும்.

இதைச் சரியாகப் பிடிக்கத்தான் நிகழ்வுகளை அடிப்படையாகக் கொண்ட எஞ்சின் தேவைப்படுகிறது. வழக்கமான பேக்டெஸ்ட் ஒரு நிமிட விலைப்பட்டியலை எடுத்து, 9.31-க்கு சிக்னல் வந்தால் நான்கு லெக்கையும் 9.31 விலையிலேயே முடித்துவிடும். நிகழ்வு எஞ்சின் அப்படிச் செய்யாது. விலை மாறியது, உத்தி முடிவெடுத்தது, ஆர்டர் எக்ஸ்சேஞ்சை அடைந்தது, ஃபில் ஆனது, எக்ஸ்பைரி வந்தது என்று ஒவ்வொன்றையும் தனி நிகழ்வாக, நேர முத்திரையோடு வரிசையில் வைக்கும். அதன் மையம் சிறியது:

```python
while queue:
    t, seq, event = heapq.heappop(queue)
    clock = t
    handlers[type(event)](event)
```

இரண்டு நிகழ்வுகளுக்கு ஒரே நேரம் இருந்தால் எது முதலில் என்பதை `seq` தீர்மானிக்கிறது. அது இல்லாவிட்டால் ஒரே சோதனை இருமுறை ஓடும்போது இரண்டு விடை தரலாம். உத்திக்கு `clock` வரையிலான விலைகள் மட்டுமே தெரியும். எதிர்காலத்தை எட்டிப் பார்க்க வழியே கிடையாது.

இந்த அமைப்பின் உண்மையான பயன் லெக்குகளுக்கு இடையே உள்ள நேரத்தில்தான் தெரியும். மார்ஜின் குறையும் என்பதால் பாதுகாப்பு லெக்குகளை முதலில் வாங்குவது இங்கே வழக்கம். ஆர்டர் போய்ச்சேர 200 மில்லிவினாடி ஆகும் என்று வைத்தால், எஞ்சின் சிக்னல் நேரத்து விலையைப் பயன்படுத்தக் கூடாது. ஆர்டர் சேர்ந்த நேரத்து பிட், ஆஸ்க்கைத்தான் பார்க்க வேண்டும். அந்த ஆழத்தில் 300 மட்டுமே இருந்து, நாம் 750 கேட்டிருந்தால், மீதி அடுத்த விலைக்குப் போக வேண்டும். மூன்று லெக் முடிந்து நான்காவது நின்றுபோனால் என்ன செய்வது என்பதும் உத்தியின் ஒரு பகுதிதான்: விலையை நகர்த்தித் துரத்துவதா, எத்தனை வினாடி காத்திருப்பது, முடிந்தவற்றைக் கலைத்துவிடுவதா? இந்த விதி எழுதப்படாத பேக்டெஸ்ட், நான்கும் எப்போதும் முடிந்துவிடும் என்ற கற்பனையில் ஓடுகிறது.

ஸ்டாப்லாஸில்தான் இந்தக் கற்பனை அதிகம் செலவு வைக்கும். 2021 செப்டம்பரில் என்எஸ்இ ஆப்ஷன்களுக்கு மார்க்கெட் விலை ஸ்டாப்லாஸ் ஆர்டரை நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு ஸ்டாப்லாஸ் என்றால் தூண்டும் விலை ஒன்று, அதற்கு மேல் லிமிட் விலை ஒன்று. 80-இல் தூண்டி 82 லிமிட் வைத்திருக்கும்போது விலை 78-இலிருந்து நேராக 95-க்குத் தாவினால், ஆர்டர் தூண்டப்படும், ஆனால் ஃபில் ஆகாது. எளிய பேக்டெஸ்ட் 80-இல் வெளியேறியதாக எழுதிவிடும். எஞ்சினில் இவை இரண்டும் தனித்தனி நிகழ்வுகளாக இருக்க வேண்டும். சோதிக்க ஏற்ற நாள் 2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் முடிவு வந்த நாள். முந்தைய நாள் 23,263.90-இல் முடிந்த நிஃப்டி, அன்று 21,884.50-இல் முடிந்தது, இடையில் அதைவிடவும் கீழே போய்வந்தது. அன்றைக்கு நம் எஞ்சினில் எல்லா ஸ்டாப்லாஸும் சொன்ன விலையிலேயே முடிந்திருந்தால், அதன் ஃபில் பகுதி தவறு என்று உறுதியாகச் சொல்லலாம்.

தரவும் ஏமாற்றும். தொலைவிலுள்ள ஸ்ட்ரைக்குகளில் வியாபாரம் குறைவு, 9.31 என்று பதிவான கடைசி விலை 9.28-இல் நடந்ததாக இருக்கலாம். நான்கு லெக்கின் கடைசி விலைகளைக் கூட்டினால், ஒரு கணமும் இல்லாத ஒரு விலை கிடைக்கும். கண்டுபிடிக்க நல்ல வழி உண்டு. ஒரு ஸ்ட்ரைக்கின் கால் விலையிலிருந்து புட் விலையைக் கழித்து, ஸ்ட்ரைக்கைக் கூட்டுங்கள். ஒரே எக்ஸ்பைரிக்கு, எந்த ஸ்ட்ரைக்கை எடுத்தாலும் விடை ஏறத்தாழ ஒன்றாக வர வேண்டும். ஒன்று மட்டும் 20 புள்ளி விலகினால் அந்த விலை பழசு. அந்தக் கணத்தில் எஞ்சின் வியாபாரம் செய்யாமல் இருப்பது நல்லது.

ஒப்பந்த விவரங்களையும் தேதியோடு வைக்க வேண்டும். நிஃப்டி லாட் 2024 ஏப்ரலில் 50-இலிருந்து 25 ஆனது, நவம்பரில் 75 ஆனது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் ஆப்ஷன் விற்பனை வரி 0.0625 சதவீதத்திலிருந்து 0.1 சதவீதமாகியது. வாராந்திர எக்ஸ்பைரி 2025 செப்டம்பரில் வியாழனிலிருந்து செவ்வாய்க்கு மாறியது. இன்றைய எண்ணைப் பழைய நாட்களுக்கும் போட்டால் மொத்தக் கணக்கும் சாயும்.

இத்தனை செய்தும் ஒரு எல்லை உண்டு. பழைய தரவில் நம் ஆர்டர் இல்லை. நாம் வந்ததும் எதிரே நின்றவர் விலையை விலக்கிக்கொண்டிருப்பாரா என்பதை அது சொல்லாது. லிமிட் போட்டுக் காத்திருப்பவருக்கு இது இன்னும் கடினம். விலை லிமிட்டைத் தொட்டது என்பதால் அவர் முறை வந்தது என்று ஆகாது. அதைத் தாண்டி வியாபாரம் நடந்தால் மட்டுமே ஃபில் என்று கணக்கிடுவது பாதுகாப்பான விதி.

ஆகவே ஒரு லாட்டை மட்டும் உண்மைச் சந்தையில் சில வாரங்கள் ஓட்டி, ஒவ்வொரு லெக்கிலும் எஞ்சின் சொன்ன விலையையும் தரகர் தந்த விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் இரு பக்கமும் சிதறியிருந்தால் பரவாயில்லை. எப்போதும் நமக்கு எதிராகவே சாய்ந்திருந்தால், அந்தச் சாய்வின் அளவை ஃபில் விதியில் சேர்த்துவிட்டு, மூன்று வருடச் சோதனையையும் முதலிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும்.