தொடக்க இருப்பை நம்பலாமா?

2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு தம் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டியிருந்த 5,361 கோடி ரூபாய் ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். ஒரு வாரத்துக்குள், அதுவரை தணிக்கை செய்துவந்த பிரைஸ் வாட்டர்ஹவுஸ் தன் பழைய அறிக்கைகளை இனி நம்பி இயங்க வேண்டாம் என்று தெரிவித்தது. கேபிஎம்ஜியும் டெலாய்ட்டும் பொறுப்பேற்றன. திருத்திய கணக்கு வெளிவர 2010 செப்டம்பர் ஆகிவிட்டது. அப்போதும் ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட வித்தியாசத்துக்கு விளக்கம் கிடைக்காமல், அது சஸ்பென்ஸ் கணக்கில் நின்றது.

இவ்வளவு பெரிய மோசடி அபூர்வம். ஆனால் புதிதாக வரும் ஆடிட்டருக்கு முதல் ஆண்டில் எழும் கேள்வி சிறிய நிறுவனத்திலும் இதேதான். சென்ற ஆண்டின் இறுதி இருப்புதான் இந்த ஆண்டின் தொடக்க இருப்பு. அதற்குக் கையெழுத்திட்டவரின் வேலையை நம்பமுடியாவிட்டால் எங்கிருந்து தொடங்குவது?

பொறுப்பேற்கும் முன் பழைய ஆடிட்டருக்குக் கடிதம் எழுதுவது இந்தியச் சட்டப்படி கட்டாயம். ஆனால் அவருடைய வேலைத்தாள்கள் கிடைக்கும் என்று எண்ண முடியாது. கிடைத்தாலும், சரியாகச் சோதிக்காதவரின் தாள்கள் எதற்கும் சான்றாகாது. ஆகவே ஒவ்வொரு இருப்புக்கும் தனியாகச் சான்று தேடவேண்டும். எஸ்ஏ 510 என்ற தணிக்கை நெறிமுறை கேட்பதும் அதைத்தான்.

வங்கி இருப்பு இதில் எளிது. ஏப்ரல் 1 அன்று என்ன இருந்தது என்பதை வங்கி இன்றும் சொல்லும். ஆனால் ஆடிட்டர் நேராக வங்கிக்கு எழுதி, பதிலை நேராகத் தாமே பெறவேண்டும். சத்யத்தில் அந்தக் கடிதப் போக்குவரத்து நிறுவனத்தின் கைக்குள்ளேயே இருந்தது என்பதை அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் பின்னர் சுட்டிக்காட்டின.

வாடிக்கையாளர்களிடமிருந்து வரவேண்டிய பாக்கிக்கும் வழியுண்டு. மார்ச் 31 அன்று நின்ற பாக்கி அடுத்த மாதங்களில் வசூலானதா என்று பேங்க் ஸ்டேட்மென்ட்டில் பார்க்கலாம். பணம் வராமல், வெறும் ஜர்னல் பதிவால் பாக்கி தீர்ந்திருந்தால் அங்கே நின்று கேட்கவேண்டும்.

சிக்கல் சரக்கில்தான். மார்ச் 31 அன்று கிடங்கில் இருந்ததை அக்டோபரில் வந்து எண்ண முடியாது. ஆனால் பின்னோக்கிக் கணக்கிடலாம். ஓர் உதாரணத்துக்கு, ஒரு நூல் வியாபார நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். புதிய ஆடிட்டர் அக்டோபரில் எண்ணும்போது 1,200 மூட்டைகள் இருக்கின்றன. ஏப்ரல் முதல் அன்றுவரை 9,000 மூட்டைகள் உள்ளே வந்தன. 8,600 வெளியே போயின. அப்படியானால் ஏப்ரல் 1 அன்று இருந்திருக்கவேண்டியவை 800. கணக்கிலோ 1,100. மூட்டை 12,000 ரூபாய் என்றால் 300 மூட்டைக்கு 36 லட்சம்.

இந்த 36 லட்சம் சென்ற ஆண்டின் லாபத்தை ஊதிக்காட்டியிருக்கிறது. தொடக்கச் சரக்கு செலவுப் பக்கத்தில் சேர்வதால், அப்படியே விட்டால் இந்த ஆண்டின் லாபம் அதே அளவு குறையும். ஆகவே இதை இந்த ஆண்டின் நஷ்டமாக விழுங்கிவிடாமல், முந்தைய ஆண்டின் பிழை என்று பிரித்துக் காட்டவேண்டும்.

இந்தக் கூட்டல் கழித்தலுக்கு உயிர், வந்த சரக்கின் ரசீதும் அனுப்பிய சரக்கின் சலானும். அவை நம்பகமானவையா என்று முதலில் பார்க்கவேண்டும். லாரி வாடகை பில், இ-வே பில், எடைச்சீட்டு ஆகியவற்றோடு ஒத்துப்பார்த்தால் ஒட்டாத இடம் தெரிந்துவிடும். சான்று இல்லாத இடத்தில் ஊகத்தால் நிரப்புவது தவறு.

அப்படிச் சான்று கிடைக்காமலே போனால்? ஆண்டு முடிவில் சரக்கை நேரில் எண்ணியிருந்தால், அந்த நாளின் இருப்புநிலைக் குறிப்புக்கு ஆடிட்டர் குறையில்லாத கருத்தே தரலாம். லாப நட்டக் கணக்கு வேறு. அதன் ஒரு முனை நிச்சயமில்லாத தொடக்கச் சரக்கு. ஆகவே அதற்கு மட்டும் நிபந்தனையோடு கருத்துச் சொல்ல சர்வதேச நெறிமுறை இடம் தருகிறது. பாதிப்பு கணக்கு முழுவதும் பரவியிருந்தால், கருத்துக் கூற இயலவில்லை என்றே எழுதவேண்டிவரும்.

வங்கிக் கடனுக்கு அந்த அறிக்கையைக் காட்டவேண்டியிருக்கும் உரிமையாளருக்கு இது கசக்கும். ஆனால் அடுத்த ஆண்டுக்கு எண்ணிச் சரிபார்த்த தொடக்கச் சரக்கு இருக்கும். நிபந்தனை முந்தைய ஆண்டின் ஒப்பீட்டு எண்களுக்கு மட்டும் நீடிக்கலாம். ஒழுங்காகப் பதிவு செய்துவந்தால், அதற்கடுத்த ஆண்டில் அதுவும் விலகிவிடும்.