ஒரே லட்சுமி, இரண்டு கணக்கு

ஜவுளிக்கடை பில் கவுண்டரில் பெயரைக் கேட்டு ஆங்கில எழுத்தில் அடிக்கிறார் ஊழியர். தீபாவளிக்கு Lakshmi என்று அடித்தவர் ஒருவர். பொங்கலுக்கு அங்கே இருந்தவர் Laxmi என்று அடித்தார். வந்ததென்னவோ ஒரே பெண்தான். கணினிக்கு மட்டும் இரண்டு பேர். அவர் சேர்த்த பாயின்டுகள் இரண்டு கணக்கில் சிதறிவிடுகின்றன.

இப்படிப் பிரிந்தவற்றைத் தேடிச் சேர்ப்பதற்கு 'ஃபஸ்ஸி மேட்சிங்' என்று பெயர். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல், எவ்வளவு நெருக்கம் என்று அளப்பது. ரஷ்யக் கணிதவியலாளர் விளாதிமிர் லெவன்ஷ்டைன் 1965-இல் தந்த அளவுகோல் எளிமையானது: ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும்?

Laxmi-யை Lakshmi ஆக்க மூன்று திருத்தம். Ramesh-ஐ Rajesh ஆக்க ஒன்றே ஒன்று! 'மூன்று வரை போகலாம்' என்று விதி வைத்தால் லட்சுமி ஒன்றாவார்; ரமேஷும் ராஜேஷும் கூடவே ஒருவராகிவிடுவார்கள்.

எழுத்தைவிட ஒலி நம்பகமானது. அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் 1918-இல் காப்புரிமை பெற்ற 'சவுண்டெக்ஸ்' முறை, முதல் எழுத்தை வைத்துக்கொண்டு, உயிரொலிகளை விட்டுவிட்டு, மற்றவற்றை எண்ணாக்குகிறது. லட்சுமியின் இரண்டு வடிவத்துக்கும் L250 வருகிறது. ரமேஷ் R520, ராஜேஷ் R220 என்று பிரிந்துவிடுகிறார்கள்.

ஆனால் அது ஆங்கிலக் காதுக்குச் செய்தது. Gandhimathi-க்கு G535, Kanthimathi-க்கு K535. தமிழில் இரண்டுக்கும் ஒரே 'கா' என்பது அதற்குத் தெரியாது. அதனால் நம் பெயர்களுக்கு நாமே விதி எழுதுவதுதான் சரி. இனிஷியலைத் தனியே எடுத்துவிட்டு, x வந்தால் ksh, dh, th இரண்டும் t, முதலில் வரும் g-க்கு k என்று ஒருமுகப்படுத்திய பிறகே அளக்க வேண்டும்.

ஒரு லட்சம் பெயரை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் ஏறக்குறைய 500 கோடி ஜோடி. அதனால் ஒரே பின்கோடுக்குள் மட்டும் ஒப்பிடுவார்கள். வீடு மாறிப் போனவர் இதில் தப்பிவிடுவார் என்பதால், கைபேசி எண்ணை வைத்து இன்னொரு சுற்று தேவைப்படும்.

சேர்க்கும்போது இன்னொரு பொறி உண்டு. Raman-க்கும் Ramani-க்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம்; Ramani-க்கும் Rajani-க்கும் அப்படியே. சங்கிலியாகக் கோத்தால் மூவரும் ஒரே ஆள்! புதிதாக வரும் பெயர் குழுவில் உள்ள ஒவ்வொருவரோடும் ஒத்துப்போனால்தான் உள்ளே விட வேண்டும். கைபேசி எண்ணும் துணைக்கு வராமல் போகலாம். ராமனும் அவர் மனைவி ரமணியும் கொடுத்தது ஒரே எண்ணாக இருக்கக்கூடும்.

இத்தகைய ஜோடிகளை ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்வது நல்லது. பழைய பதிவுகளை அழிக்காமல், பொதுவான ஒரு குழு எண்ணை மட்டும் பக்கத்தில் சேர்த்துவைத்தால், நாளை ரமணி வந்து "என் பாயின்ட் எங்கே?" என்று கேட்கும்போது பிரித்துக் கொடுத்துவிடலாம்.