மாதம் 5 சதவீதம் என்றால் வருடத்துக்கு எவ்வளவு?

மாதச் சந்தா வாங்கி நடத்தும் தொழிலில், ஒரு மாதத் தொடக்கத்தில் இருந்த சந்தாதாரர்களில் எத்தனை பேர் அந்த மாதத்துக்குள் விலகினார்கள் என்பதைச் சதவீதமாகச் சொல்வதே மாத இழப்பு விகிதம். 400 பேரில் 20 பேர் நின்றுவிட்டால் அது 5 சதவீதம். இதே வேகத்தில் போனால் வருடக் கடைசியில் எவ்வளவு இழப்பு என்று கேட்டால், பலரும் ஐந்தைப் பன்னிரண்டால் பெருக்கி 60 சதவீதம் என்று சொல்லிவிடுவார்கள். அந்த விடை தவறு. சரியான விடை 46 சதவீதம்.

மாதம்தோறும் அரைக் கிலோ காப்பித்தூளை வீட்டுக்கு அனுப்பும் ஒரு சிறு கடையை எடுத்துக்கொள்ளலாம். ஜனவரி முதல் தேதி அதன் நோட்டில் 400 பெயர்கள் இருக்கின்றன. ஜனவரியில் 20 பேர் நிற்கிறார்கள், மீதி 380. பிப்ரவரியில் போகும் 5 சதவீதம் இந்த 380-இலிருந்துதான் போகும். ஆகவே 19 பேர் குறைந்து 361 ஆகிறது. மார்ச்சில் 18 பேர் போக, 343. மாதாமாதம் விகிதம் அதேதான். ஆனால் எடுப்பதற்கு இருக்கும் குவியல் சிறுத்துக்கொண்டே வருவதால், போகிற ஆட்களின் எண்ணிக்கையும் சிறுக்கிறது. ஜூன் கடைசியில் 294 பேர், டிசம்பர் கடைசியில் 216 பேர். போனவர்கள் 184 பேர். பெருக்கல் கணக்கோ 240 பேர் போய்விடுவார்கள் என்று சொல்லியிருக்கும். அந்த 56 பேர் ஜனவரியிலிருந்து இன்னமும் காப்பித்தூள் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கூட்டு வட்டி போட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. அதே கணக்குதான் இங்கே தலைகீழாக ஓடுகிறது. ஆகவே போகிறவர்களை விட்டுவிட்டுத் தங்குகிறவர்களைப் பிடித்துக்கொண்டால் கணக்கு எளிதாகிவிடும். 5 சதவீதம் போனால் 95 சதவீதம் தங்குகிறது, அதாவது 0.95. அதைப் பன்னிரண்டு முறை தன்னோடு தானே பெருக்கினால் 0.54 வரும். நூற்றுக்கு 54 பேர் தங்கினார்கள், 46 பேர் போனார்கள். விரிதாளில் மாத விகிதம் A1 கட்டத்தில் இருந்தால், எழுத வேண்டியது இவ்வளவுதான்:

```
=1-(1-A1)^12
```

விகிதம் சிறிதாக இருக்கும்வரை பெருக்கல் விடைக்கும் சரியான விடைக்கும் இடைவெளி அதிகமில்லை. மாதம் 1 சதவீதம் என்றால் 12-க்குப் பதில் 11.4. மாதம் 10 சதவீதம் ஆகும்போது பெருக்கல் 120 சதவீதம் என்கிறது. இருப்பவர்களைவிட அதிகமான பேர் போக முடியாது என்பதால், பிழை அங்கே தானாகவே வெளியே தெரிந்துவிடும். உண்மையான விடை சுமார் 72 சதவீதம். ஆபத்து இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது: 60 சதவீதம் என்பது நம்பக்கூடிய எண்ணாகத் தோன்றுவதால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

ஆனால் 60 என்ற எண் முற்றிலும் வீணானதும் அல்ல. அது வேறொரு கேள்விக்கான விடை. கடைக்காரர் ஒவ்வொரு மாதக் கடைசியிலும் புது ஆட்களைச் சேர்த்து 400-ஐக் குறையாமல் வைத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது குவியல் சிறுப்பதில்லை. மாதாமாதம் சரியாக 20 பேர் போகிறார்கள். வருடத்துக்கு 240 பேர், அதாவது 400-இல் 60 சதவீதம். இந்த 240 பேரில் 184 பேர் ஜனவரியில் இருந்த பழையவர்கள். மீதி 56 பேர் வருட நடுவில் சேர்ந்து, அந்த வருடத்துக்குள்ளேயே விலகியவர்கள். ‘பழைய வாடிக்கையாளர்களில் எவ்வளவு பேர் நிற்பார்கள்’ என்ற கேள்விக்கு விடை 46 சதவீதம் இழப்பு. ‘இதே அளவில் நிற்க எத்தனை புது ஆட்களைப் பிடிக்க வேண்டும்’ என்ற கேள்விக்கு விடை 240. விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்கும்போது தேவைப்படுவது இரண்டாவது. முதலாவதைக் கொண்டு அந்தச் செலவைத் திட்டமிட்டால் 56 ஆட்களைச் சேர்க்கும் செலவு கணக்கில் விட்டுப்போகும்.

இதுவரை சொன்னது முழுக்க ஓர் அனுமானத்தின்மேல் நிற்கிறது: எல்லாரும் ஒரே வேகத்தில் விலகுகிறார்கள் என்பது. நடப்பு அப்படி இருப்பது அபூர்வம். புதிதாகச் சேர்ந்தவர் முதல் பொட்டலத்தின் ருசி பிடிக்காமல் நிறுத்துவார். மூன்று வருடமாக வாங்குகிற வீட்டில் அது மளிகைச் செலவோடு கலந்துவிட்டிருக்கும். கடையின் 400 பேரில் 300 பேர் பழையவர்கள், அவர்களில் மாதம் 2 சதவீதம், அதாவது 6 பேர் போகிறார்கள். 100 பேர் புதியவர்கள், அவர்களில் 14 சதவீதம், அதாவது 14 பேர் போகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், முதல் மாதம் போனவர்கள் அதே 20 பேர்தான். விகிதமும் அதே 5 சதவீதம்தான். ஆனால் இரு பிரிவும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தால், வருடக் கடைசியில் பழையவர்களில் 235 பேரும் புதியவர்களில் 16 பேரும் மிஞ்சுவார்கள். இழப்பு 46 அல்ல, 37 சதவீதம். சீக்கிரம் போகக்கூடியவர்கள் முதல் சில மாதங்களிலேயே போய்விடுகிறார்கள்; பிறகு மிஞ்சுவது உறுதியான கூட்டம். இரு பிரிவையும் ஒன்றாகப் போட்டுச் சராசரி எடுத்து, அதைப் பன்னிரண்டு மாதத்துக்கு நீட்டினால், பழைய வாடிக்கையாளர்களின் இழப்பு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். இரு பிரிவுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பிறகு கூட்டுவதே சரி.

ஒரே ஒரு மாதத்தை வைத்து வருடத்தைச் சொல்வதும் இதே அளவுக்கு ஏமாற்றும். இந்தியாவில் 2021 அக்டோபரில், அட்டையிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புது விதி நடைமுறைக்கு வந்தபோது, வாடிக்கையாளர் விலக நினைக்காமலேயே பல சந்தாக்களுக்குப் பணம் வராமல் நின்றது. அப்படி ஒரு மாதம் இழப்பு 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 9-ஐச் சூத்திரத்தில் போட்டால் வருட இழப்பு 68 சதவீதம் என்று வந்து பயமுறுத்தும். மற்ற பதினொரு மாதமும் வழக்கமான 5 சதவீதமாகவே இருந்தால், உண்மையான வருட இழப்பு 48 சதவீதம்தான். ஒரு மோசமான மாதம் இரண்டே புள்ளிதான் கூட்டியிருக்கிறது. மாதங்கள் ஏறியிறங்கும்போது, ஒவ்வொரு மாதத்திலும் தங்கியவர்களின் விகிதத்தை, 0.95, 0.91, 0.96 என்று, வரிசையாகப் பெருக்கிக்கொண்டே போய், கடைசி விடையை ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும்.

சந்தாதாரர்கள் 40 பேர்தான் என்றால் ஒரு மாத எண்ணை நம்பவே கூடாது. அங்கே ஒருவர் நின்றால் 2.5 சதவீதம், வருடத்துக்கு 26. இருவர் நின்றால் 5 சதவீதம், வருடத்துக்கு 46. ஒரு குடும்பம் வீடு மாறிப் போனதற்கும் தொழில் சரிவதற்கும் இந்த எண்ணில் வித்தியாசம் தெரியாது. ஆறு மாதமாவது சேர்த்துப் பார்த்த பிறகே விகிதம் எடுப்பது நல்லது.

ஒரு வருடம் ஓடி முடிந்த கடைக்குச் சூத்திரமே தேவையில்லை. சென்ற ஜனவரி முதல் தேதிப் பட்டியலை எடுத்து, இந்த டிசம்பர் 31-இல் இன்னமும் பணம் கட்டுகிற பெயர்களுக்கு மட்டும் டிக் போட்டால் போதும். டிக் விழாத பெயர்களை எண்ணி மொத்தத்தால் வகுத்தால் வருவதுதான் அந்த வருட இழப்பு. சூத்திரம் சொன்ன எண் இதைவிடப் பெரிதாக இருந்தால், பழையவர்களையும் புதியவர்களையும் ஒன்றாகப் போட்டுக் கலந்திருக்கிறார்களா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.