நாணயத்துக்கு நினைவாற்றல் உண்டா?

மாணவர்களே, ஒரு 50 சென் நாணயத்தைச் சுண்டுகிறீர்கள். தொடர்ந்து ஐந்து முறை தலையே விழுகிறது. ஆறாவது முறை என்ன விழும்?

வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பலர் "பூ" என்று குரல் கொடுப்பார்கள். காரணம் கேட்டால், "கடைசியில் பாதிக்குப் பாதி வரணுமே சார்! தலை அதிகமாகிவிட்டது, இனிப் பூ வந்துதானே ஆகணும்?" என்பார்கள். இதே எண்ணத்தை வகுப்பறைக்கு வெளியிலும் கேட்கலாம். "இந்த நம்பர் வந்து ரொம்ப நாளாச்சு, இனிக் கட்டாயம் வரும்" என்று சொல்லி, ஒரே நான்கு இலக்க எண்ணில் வாரந்தோறும் பணம் கட்டுபவர்கள் நம் ஜொகூரிலும் இருக்கிறார்கள். இருவருமே ஓர் உண்மையான கணித விதியைத்தான் துணைக்கு அழைக்கிறார்கள். ஆனால், அந்த விதி அப்படிச் சொல்லவே இல்லை.

விதி என்ன சொல்கிறது?

அதன் பெயர் பெரிய எண்களின் விதி. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜேக்கப் பெர்னூலி இதை நிறுவினார். அவர் 1705இல் இறந்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1713இல் வெளிவந்த அவருடைய நூலில் இந்த நிறுவல் இடம்பெற்றது. நாணயத்தை மேலும் மேலும் சுண்டிக்கொண்டே போனால், தலை விழுந்த விழுக்காடு 50ஐ விட்டு வெகுதூரம் விலகி நிற்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். இதுதான் விதியின் சாரம்.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'விழுக்காடு'. தலைகளின் எண்ணிக்கையும் பூக்களின் எண்ணிக்கையும் சமமாகும் என்று விதி சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை ஓர் உண்மையான சோதனையில் பார்ப்போம்.

10,000 முறை சுண்டியவர்

ஜான் கெரிக் தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய கணிதவியலாளர். 1940இல் அவர் டென்மார்க்கில் இருந்தபோது ஜெர்மனி அந்நாட்டைப் பிடித்தது. அவர் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே பொழுதைப் பயனுள்ளதாக்க, சக கைதி ஒருவரின் உதவியோடு ஒரு நாணயத்தை 10,000 முறை சுண்டி, ஒவ்வொரு முடிவையும் எழுதி வைத்தார். போர் முடிந்த பின் 1946இல் அதை நூலாக வெளியிட்டார். அவர் கண்ட முடிவுகளில் சில:

| சுண்டிய தடவை | தலை | பாதியிலிருந்து வேறுபாடு | தலையின் விழுக்காடு |
|---|---|---|---|
| 10 | 4 | 1 குறைவு | 40 |
| 100 | 44 | 6 குறைவு | 44 |
| 1,000 | 502 | 2 அதிகம் | 50.2 |
| 5,000 | 2,533 | 33 அதிகம் | 50.66 |
| 10,000 | 5,067 | 67 அதிகம் | 50.67 |

மூன்றாவது நிரலைப் பாருங்கள். நூறாவது சுண்டலின்போது பாதியிலிருந்து 6தான் வேறுபாடு. பத்தாயிரத்தில் அது 67. எண்ணிக்கை சமமாகவில்லை, வேறுபாடு பெருகியிருக்கிறது! ஆனால், நான்காவது நிரலில் 44 விழுக்காடு என்பது 50.67 ஆகி, பாதியை நெருங்கிவிட்டது. 100இல் 6 என்பது பெரிது. 10,000இல் 67 என்பது சிறிது. அவ்வளவுதான்.

கூர்மையாகப் பார்ப்பவர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். 1,000இல் 50.2 ஆக இருந்தது, பிறகு ஏன் 50.67 ஆக விலகியது? ஒவ்வொரு படியிலும் முன்னைவிட நெருங்கியே தீர வேண்டும் என்று விதி சொல்லவில்லை. பெரிய விலகலுக்கான வாய்ப்பு குறையும் என்றுதான் சொல்கிறது. சுண்டிய தடவையின் வர்க்கமூலத்தில் பாதி அளவுக்கு வேறுபாடு இருப்பது இயல்பு. 100 முறைக்கு அது 5, அதாவது 5 விழுக்காடு. 10,000 முறைக்கு அது 50, அதாவது 0.5 விழுக்காடு மட்டுமே. ஆகவே, கெரிக் கண்ட 67இல் வியப்பு எதுவும் இல்லை.

ஈடுகட்டுவதில்லை, கரைந்துபோகிறது

இப்போது ஒரு கணக்கு. முதல் பத்துச் சுண்டலும் தலையாகவே விழுந்தன என்று வைத்துக்கொள்வோம். இப்போது தலை 100 விழுக்காடு. இதை 50க்குக் கொண்டு வர, நாணயம் இனிப் பூவை அதிகமாகத் தர வேண்டுமா?

வேண்டியதில்லை. அடுத்த 990 சுண்டலில் வழக்கம்போல் பாதி, அதாவது 495 தலைகள் விழுவதாகக் கொள்வோம். மொத்தம் 1,000இல் 505 தலைகள், அதாவது 50.5 விழுக்காடு. இப்படியே 10,000 வரை போனால் 5,005 தலைகள், அதாவது 50.05 விழுக்காடு. முதலில் வந்த பத்துத் தலைகளை எந்தப் பூவும் ஈடுகட்டவில்லை. அவை அப்படியே இருக்கின்றன. ஒரு சிட்டிகை உப்பு ஒரு குவளை நீரில் கரிக்கும். அதையே ஒரு தொட்டி நீரில் போட்டால் சுவையே தெரியாது. உப்பை யாரும் வெளியே எடுக்கவில்லை, நீர்தான் கூடியது.

"இனிப் பூ வந்தாக வேண்டும்" என்பவர், விதி உப்பை வெளியே எடுக்கும் என்று நம்புகிறார். இதற்குச் சூதாடியின் மயக்கம் என்று பெயர்.

நாணயம் உண்மையிலேயே ஈடுகட்டுமா என்பதையும் கெரிக்கின் பதிவிலேயே சோதிக்கலாம். முதல் 2,000 சுண்டலில், நான்கு தலைகள் தொடர்ந்து வந்த இடங்கள் 130. அடுத்த சுண்டலில் 61 முறை பூவும் 69 முறை தலையும் விழுந்தன. பூ முந்தவில்லை. ஏறத்தாழப் பாதிக்குப் பாதிதான். நாணயம் உலோகத் துண்டு. முன்பு எப்படி விழுந்தோம் என்பதை அது எங்கே எழுதி வைத்திருக்கும்? நான்காம் படிவத்தில் 'பெரிஸ்திவா தாக் பெர்சண்டார்' என்று படிக்கும் சார்பிலா நிகழ்ச்சி இதுதான்.

நான்கு இலக்க எண் குலுக்கலும் இப்படியே. 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள், ஒரு குலுக்கலில் 23 பரிசுகள். உங்கள் எண் நேற்று வந்திருந்தாலும், பத்து ஆண்டுகளாக வராமல் இருந்தாலும், இன்றைய வாய்ப்பு 10,000இல் 23தான். காத்திருந்த ஆண்டுகள் வாய்ப்பில் எதையும் சேர்ப்பதில்லை. செலவைத்தான் சேர்க்கின்றன.

விதிவிலக்கு உண்டா?

உண்டு. ஒரு பையில் 5 சிவப்பு, 5 நீலக் கோலிகள் இருக்கின்றன. எடுத்ததைத் திருப்பிப் போடாமல் மூன்று சிவப்பை எடுத்துவிட்டால், மிச்சம் 2 சிவப்பு, 5 நீலம். இப்போது நீலம் வரும் வாய்ப்பு உண்மையிலேயே கூடுகிறது. பையின் உள்ளிருப்பு மாறிவிட்டதல்லவா? கடந்தது அடுத்ததை மாற்றுகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இன்னொன்று, நாணயமே கோணலாக இருப்பது. தொடர்ந்து இருபது முறை தலை விழுந்தால், பூவுக்காகக் காத்திருப்பதைவிட நாணயத்தைச் சந்தேகிப்பது நல்லது. அது கோணலானது என்றால் அடுத்ததும் தலையாகவே இருக்கலாம்.

நீங்களும் சோதித்துப் பாருங்கள். ஒருவர் 200 முறை சுண்டி, வரிசையாக எழுதுங்கள். மூன்று தலைகள் தொடர்ந்து வந்த இடங்கள் ஏறத்தாழ 25 கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் அடுத்து விழுந்தது தலையா, பூவா என்று எண்ணுங்கள். தனி ஒருவரின் கணக்கு ஒரு பக்கம் சாயலாம். வகுப்பில் முப்பது பேரின் கணக்கையும் கூட்டிவிட்டுப் பாருங்கள், விழுக்காடு எங்கே நிற்கிறது என்று.